சித்தப்பாவின் பாஸ்வேர்டை இணையதளம் ஏன் ஏற்கவில்லை?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா கூப்பிட்டார். ஏதோ ஒரு சேவையில் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். அவரும் மாற்றப் பார்த்திருக்கிறார். `Chennai@123` என்று போட்டால் ஏற்க மறுக்கிறதாம். "ஏம்ப்பா, பெரிய எழுத்து கேட்டான், போட்டேன். எண் கேட்டான், போட்டேன். அந்தச் சுழிச்ச a-வையும் போட்டாச்சு. இன்னும் என்னதான் வேணுமாம்?" திரையில் வந்திருந்த செய்தியைப் படிக்கச் சொன்னேன். இந்தக் கடவுச்சொல் ஏற்கெனவே தரவுக் கசிவுகளில் வெளியாகியுள்ளது என்று இருந்தது. அவர் பயந்துவிட்டார். இப்போதுதான் யோசித்து வைத்த பாஸ்வேர்டு அதற்குள் எப்படிக் கசியும்?

கசியவில்லை. அவருக்கு முன்பே யாரோ அதே பாஸ்வேர்டை யோசித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தச் செய்தியைப் பார்த்ததும் "என் அக்கவுண்டை ஹேக் செய்துவிட்டார்கள்" என்று கலங்குகிறவர்களும் உண்டு, "இந்த வெப்சைட்காரனுக்கு வேறு வேலை இல்லை" என்று எரிச்சலில் கடைசியில் ஓர் ஆச்சரியக்குறியைச் சேர்த்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. இரண்டுமே தவறான முடிவு.

## சூட்கேஸ் பூட்டும் திருடனும்

மூன்று எண் சக்கரம் உள்ள சூட்கேஸ் பூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 000 முதல் 999 வரை ஆயிரம் வாய்ப்பு. திருடன் 000, 001, 002 என்று வரிசையாகத் திருப்பிக்கொண்டிருப்பான் என்றா நினைக்கிறீர்கள்? முதலில் 123 வைத்துப் பார்ப்பான். அப்புறம் 111, 786, 108, 007. பலருடைய பூட்டு அதற்குள் திறந்துவிடும். ஆயிரம் வாய்ப்பு என்பது பூட்டு செய்தவரின் கணக்கு. திருடனின் கணக்கு வேறு: எந்த எண்ணை மனிதர்கள் அதிகம் வைப்பார்கள்?

பாஸ்வேர்டிலும் அதேதான். திருடனின் கையில் ஒரு வரிசை இருக்கிறது. எது அதிகம் பேர் வைப்பதோ அது முதலில் நிற்கும். நீங்கள் வைத்திருப்பது அந்த வரிசையில் எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்பதுதான் அதன் பலம். பார்ப்பதற்கு எவ்வளவு சிக்கலாக இருக்கிறது என்பது கணக்கிலேயே வராது. `Chennai@123` கண்ணுக்குச் சிக்கலாகத் தெரிகிறது. ஆனால் ஊர் பெயர், முதல் எழுத்து பெரியது, பின்னால் @123 என்பது ஆயிரக்கணக்கானோர் கைப்பழக்கம். ஊரை மட்டும் மாற்றிப் பாருங்கள், Madurai, Salem, Trichy என்று போய்க்கொண்டே இருக்கும்.

அந்த வரிசையைத் திருடன் கற்பனையில் செய்யவில்லை. 2009-ல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3.2 கோடி பாஸ்வேர்டுகள் வெளியே போயின. அவற்றை எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே எழுதி வைத்திருந்தார்கள். மனிதர்கள் நிஜத்தில் என்ன பாஸ்வேர்டு வைக்கிறார்கள் என்பதற்கு அதுவே ஒரு பாடப்புத்தகம் மாதிரி ஆகிவிட்டது. முதலிடத்தில் இருந்தது `123456`. அதற்குப் பிறகு நடந்த கசிவுகள் எல்லாம் சேர்ந்து பட்டியல் இன்னும் நீண்டுகொண்டே போகிறது.

## மாவிலிருந்து அரிசி வராது

ஒழுங்கான இணையதளம் உங்கள் பாஸ்வேர்டை அப்படியே வைத்துக்கொள்ளாது. அதை ஒரு கணக்கில் போட்டு அரைத்து, வருவதை மட்டும் வைத்துக்கொள்ளும். அரைத்து வருவதற்குப் பெயர் ஹேஷ். ஒரே அரிசியைப் போட்டால் எப்போதும் ஒரே மாவு வரும், ஆனால் மாவைத் திரும்ப அரிசியாக்க முடியாது. நீங்கள் உள்ளே நுழையும்போது நீங்கள் அடித்ததை மறுபடி அரைத்து, இருக்கிற மாவோடு ஒப்பிடுகிறார்கள். ஒன்றாக இருந்தால் கதவு திறக்கும்.

`password` என்ற சொல்லை SHA-1 என்ற முறையில் அரைத்தால் இப்படி வரும்:

```
5BAA61E4C9B93F3F0682250B6CF8331B7EE68FD8
```

சரி, மாவு மட்டும் திருடு போனால் என்ன ஆகும்? திருடன் மாவை அரிசியாக்க முயல மாட்டான். தன் வரிசையில் உள்ள ஒவ்வொன்றையும் அரைத்து, திருடிய மாவோடு பொருந்துகிறதா என்று பார்ப்பான். இதை அவன் தன் வீட்டிலேயே உட்கார்ந்து செய்யலாம். "மூன்று முறை தவறினால் பூட்டிவிடுவோம்" என்ற பாதுகாப்பெல்லாம் அங்கே கிடையாது. வேகமும் பயங்கரம். 2022-ல் வந்த RTX 4090 என்ற கிராபிக்ஸ் கார்டு ஒன்றே, MD5 என்ற பழைய வகை ஹேஷை வினாடிக்கு 10,000 கோடிக்கும் மேல் அரைக்கும். சிறிய எழுத்துகள் மட்டும் கொண்ட எட்டெழுத்து பாஸ்வேர்டுகள் மொத்தம் சுமார் 20,900 கோடி. அத்தனையும் அரைத்து முடிக்க இரண்டே வினாடி.

நல்ல தளங்கள் இதற்காகவே வேண்டுமென்றே மெதுவாக அரைக்கும் முறையைப் பயன்படுத்துகின்றன. ஆனால் நீங்கள் சேரும் தளம் எதைப் பயன்படுத்துகிறது என்பது வெளியிலிருந்து தெரியாது. அதனால் மோசமானதை வைத்தே கணக்குப் போடுவோம்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: தளம் வைத்திருப்பது ஹேஷ். அது திருடுபோனால், திருடன் தன் வரிசைப்படி ஒவ்வொன்றாக அரைத்துப் பார்ப்பான். வரிசையின் முன்பக்கம் நிற்கும் பாஸ்வேர்டு உடனே விழும்.

## தளம் மறுப்பது எதனால்

பழைய வகை மறுப்பு எல்லோருக்கும் தெரியும். எட்டு எழுத்து வேண்டும், ஒரு பெரிய எழுத்து, ஓர் எண், ஒரு குறி. இந்த வழக்கம் பரவியதில் அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்டுக்குப் பெரும் பங்கு உண்டு. 2003-ல் அங்கே பணியாற்றிய பில் பர் என்பவர் அந்த ஆலோசனையை எழுதினார். 2017-ல், தாம் எழுதியதில் பலவற்றுக்காக இப்போது வருந்துவதாக அவரே ஒரு செய்தித்தாளிடம் சொன்னார். காரணம் எளிது. பெரிய எழுத்து கேட்டால் எல்லோரும் முதல் எழுத்தைப் பெரிதாக்குகிறார்கள், எண் கேட்டால் கடைசியில் 1 அல்லது 123, குறி கேட்டால் @ அல்லது !. விதிக்கு எல்லோரும் ஒரே மாதிரி இணங்கினால் திருடனின் வரிசை இன்னும் சுலபமாகிவிடுகிறது. அதே ஆண்டு நிஸ்ட் தன் வழிகாட்டியை மாற்றியது: இந்த எழுத்து வேண்டும் அந்தக் குறி வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள், காரணமில்லாமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லாதீர்கள், அதற்குப் பதில் கசிந்த பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்றது. இரண்டு காலத்து விதிகளும் இன்று கலந்தே கிடக்கின்றன. அதனால்தான் ஒரு தளம் குறி இல்லை என்று மறுக்கிறது, இன்னொன்று குறியே கூடாது என்கிறது.

சித்தப்பாவுக்கு வந்தது புதிய வகை மறுப்பு. அவர் உடனே கேட்ட கேள்வி நியாயமானது: "அப்போ என் பாஸ்வேர்டை அவன் யார்கிட்டயோ காட்டித்தானே கேட்டிருக்கணும்?" காட்டத் தேவையில்லை. சில தளங்கள் பட்டியலைத் தம்மிடமே வைத்திருக்கும். சில தளங்கள், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டிராய் ஹன்ட் நடத்தும் `Have I Been Pwned` சேவையைக் கேட்கும். கேட்கும் விதம் அழகானது. மேலே காட்டிய ஹேஷில் முதல் ஐந்து எழுத்து, அதாவது `5BAA6`, அது மட்டும்தான் வெளியே போகும். கசிந்த பட்டியலில் அந்த ஐந்தில் தொடங்கும் எல்லா ஹேஷ்களின் மீதிப் பகுதிகளையும் அந்தச் சேவை திருப்பி அனுப்பும். நம்முடையது அதில் இருக்கிறதா என்று கேட்ட தளமே தேடிக்கொள்ளும். தபால் நிலையத்தில் போய் பின்கோடை மட்டும் சொல்லி, அந்தப் பகுதி முகவரிகள் எல்லாவற்றையும் வாங்கிவந்து, வீட்டில் உட்கார்ந்து நமக்கு வேண்டியதைத் தேடுவது போல. நாம் யார் வீட்டைத் தேடினோம் என்பது தபால்காரருக்குத் தெரியாது.

ஆகவே அந்தச் செய்திக்குப் பொருள் "உங்களை ஹேக் செய்துவிட்டார்கள்" என்பதல்ல. "இது திருடனின் வரிசையில் ஏற்கெனவே இருக்கிறது" என்பதே. ஆனால் நீங்கள் பல ஆண்டுகளாக வேறு இடங்களில் பயன்படுத்திவரும் பாஸ்வேர்டுக்கே இந்தச் செய்தி வந்தால், அந்த இடங்கள் எல்லாவற்றிலும் அன்றைக்கே மாற்றுங்கள்.

"பழையதைப் போலவே இருக்கிறது" என்றொரு மறுப்பும் உண்டு. ஹேஷ்தான் வைத்திருக்கிறார்கள் என்றால் ஒற்றுமை எப்படித் தெரியும் என்று கேட்கலாம். பெரும்பாலும் அதே பக்கத்தில் பழையதையும் அடிக்கச் சொல்லியிருப்பார்கள், அதனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. "மறந்துவிட்டேன்" என்று நீங்கள் கேட்டதும் உங்கள் பழைய பாஸ்வேர்டையே மெயிலில் அனுப்பும் தளம் ஒன்று இருந்தால், அது மாவு அரைக்கவே இல்லை, அரிசியை மூட்டையாக வைத்திருக்கிறது என்று அர்த்தம்.

பச்சைப் பட்டையையும் முழுதாக நம்ப வேண்டாம். அடிக்க அடிக்கச் சிவப்பிலிருந்து பச்சைக்குப் போகும் அந்த அளவுகோல்கள் பலவற்றில் உள்ள சொற்பட்டியல்கள் ஆங்கிலத்தைச் சுற்றியே இருக்கும். `sunshine` என்றால் சிவப்பு காட்டும். அதே அளவுகோல் `vaazhgavalamudan` என்றால் பதினாறெழுத்து என்று குளிர்ந்துபோய்ப் பச்சை காட்டலாம். கசிந்த பட்டியலில் தமிழர்களும் இருக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது.

## நீளமாக இருந்தால் போதுமா?

போதாது. பல சொற்களைக் கோத்துச் செய்யும் நீண்ட பாஸ்வேர்டுக்குக் கடவுத்தொடர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். இதைச் சொன்னதும் சித்தப்பா உற்சாகமாகி, "அப்போ குறள் ஒண்ணை முழுசா அடிச்சிடறேன்" என்றார். ஏழு சீர், நாற்பது ஐம்பது எழுத்து வரும். ஆனால் மொத்தக் குறள் 1,330. திருடன் ஆயிரத்து முந்நூற்று முப்பது முறை முயன்றால் போதும். அவரவர் ஆங்கில எழுத்தில் எழுதும் விதம் மாறும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் வடிவம் என்றே வைத்தாலும் 13 லட்சம்தான். நாம் பார்த்த கார்டுக்கு இது கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லை. சினிமாப் பாட்டு வரிக்கும் பழமொழிக்கும் இதே கதிதான்.

நீளத்தால் பலம் வருவதில்லை. தேர்வு எத்தனை வாய்ப்புகளிலிருந்து, எவ்வளவு குருட்டாம்போக்காக நடந்தது என்பதிலிருந்துதான் பலம் வருகிறது. மனதுக்குத் தோன்றும் நான்கு சொல்லை எடுப்பதும் குருட்டாம்போக்கு அல்ல. நமக்கெல்லாம் அம்மா, காதல், முருகன், வெற்றி என்றுதான் தோன்றும்.

அர்னால்ட் ரெயின்ஹோல்ட் என்பவர் 1995-ல் இதற்கு ஒரு வழி சொன்னார். 7,776 சொற்கள் கொண்ட பட்டியல், ஐந்து முறை தாயம் உருட்டு, வரும் எண்ணுக்கு நேரே உள்ள சொல்லை எடு. ஆறு முகப் பகடையை ஐந்து முறை உருட்டினால் 7,776 வாய்ப்பு, அதனால்தான் அந்த எண்ணிக்கை. ஆங்கிலத்தில் அந்தப் பட்டியல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நாங்கள் சித்தப்பா வீட்டில் இருந்த தமிழ் அகராதியையும் அவர் பர்ஸில் இருந்த ரூபாய் நோட்டுகளையும் வைத்துச் செய்தோம்.

## அகராதியும் அழுக்கு நோட்டும்

எண்ணூறு பக்கத்துக்கு மேல் உள்ள அகராதி. ஒரு நோட்டை எடுத்து அதன் வரிசை எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் பார்க்க வேண்டும். முதல் மூன்று பக்க எண், நான்காவது அந்தப் பக்கத்தில் எத்தனையாவது சொல் என்பது. கடைசி நான்கு 5237 என்றால் 523-ஆம் பக்கம், ஏழாவது சொல். கடைசி இலக்கம் சுழி என்றால் பத்தாவது சொல். பக்க எண் 000 என்றோ 800-க்கு மேலோ வந்தால் அந்த நோட்டை ஒதுக்கிவிட்டு அடுத்தது. எண்ணூறு பக்கம், பக்கத்துக்குப் பத்துச் சொல், ஆக 8,000 வாய்ப்பு. ரெயின்ஹோல்டின் பட்டியலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம்.

ஒன்று கவனிக்க வேண்டும். ஏடிஎம்மில் அப்போதுதான் எடுத்த மொடமொடப்பான கட்டு இதற்கு ஆகாது. எண்கள் அடுத்தடுத்து ஓடும், எல்லாச் சொல்லும் ஒரே பக்கத்தில் வந்து விழும். காய்கறிக் கடையில் மீதி வாங்கிய அழுக்கு நோட்டுகள்தான் நமக்கு வேண்டியவை.

எத்தனை சொல் வேண்டும்? வினாடிக்கு 10,000 கோடி என்ற அதே கணக்கில், மூன்று சொல்லின் எல்லா வாய்ப்புகளையும் ஐந்து வினாடியில் முடித்துவிடலாம். நான்கு சொல் என்றால் சுமார் 11 மணி நேரம். ஐந்து என்றால் பத்து ஆண்டு. ஆறு என்றால் 83,000 ஆண்டு. ஒவ்வொரு சொல்லும் முந்தையதை 8,000 மடங்கு பெருக்குகிறது.

அகராதியில் வாயில் நுழையாத சொற்களும் வரும். அவற்றை ஒதுக்கினால் உண்மையில் நாம் தேர்ந்தெடுக்கும் பட்டியல் சுருங்கும். பாதிச் சொற்களை ஒதுக்குகிறோம் என்று வையுங்கள், 4,000தான் மிச்சம். அப்போது ஐந்து சொல்லின் பத்து ஆண்டு நான்கு மாதமாகக் குறைந்துவிடும். ஆறு சொல் என்றால் இன்னும் ஆயிரத்து முந்நூறு ஆண்டு இருக்கும். அதனால் ஆறு எடுங்கள். பொருள் தெரியாத சொல்லைத் தள்ளலாம், தெரிந்த சொல்லை "இது நல்லா இல்லை" என்று தள்ளக் கூடாது. அங்கேதான் நம் விருப்பம் திரும்ப நுழைகிறது.

எடுத்துக்காட்டுக்கு நான் தனியாகச் செய்து பார்த்ததில் வந்தவை: முறம், ஓணான், தவணை, கொலுசு, புழுதி, வெல்லம். வந்த வரிசையை மாற்றாமல் ஒரு கதை கட்ட வேண்டும். முறத்தில் உட்கார்ந்திருந்த ஓணான் தவணையில் வாங்கிய கொலுசு புழுதியில் விழ, தேடிக் கொடுத்தவனுக்கு வெல்லம். கதை எவ்வளவு கிறுக்காக இருக்கிறதோ அவ்வளவு நன்றாக நிற்கும். அடிக்க வேண்டியது இது:

```
muram-onaan-thavanai-kolusu-puzhuthi-vellam
```

நாற்பத்து மூன்று எழுத்து. இங்கே அச்சாகிவிட்டதால் இது இனி யாருக்கும் ஆகாது. சொற்களைப் பிரிக்க இடைவெளி விடாமல் சிறுகோடு போட்டதற்குக் காரணம் உண்டு. சில தளங்கள் இடைவெளியை ஏற்காது. போனில் வேறு, கீபோர்டு தானே கடைசியில் ஓர் இடைவெளியைச் சேர்த்துவிட்டு, "தவறான பாஸ்வேர்டு" என்று வரும்போது நம்மைக் குழப்பும். பெரிய எழுத்தும் எண்ணும் கேட்கும் தளம் என்றால் `Muram` என்று தொடங்கி `vellam7` என்று முடியுங்கள். அது வாயிற்காப்போனைச் சமாதானப்படுத்த மட்டும், பலத்தில் பெரிதாக எதுவும் கூடாது.

தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கும்போது தடுமாறும் இடம் எழுத்துக்கூட்டல். இன்றைக்கு `puzhuthi`, நாளைக்கு `puludhi`. முதலிலேயே ஒரு வழக்கத்தை முடிவு செய்துகொள்ளுங்கள்: ழ என்றால் எப்போதும் zh, த என்றால் எப்போதும் th, சொல்லின் நடுவில் வரும் ஆ-வுக்கு எப்போதும் aa.

## தமிழ் எழுத்திலேயே அடித்தால் என்ன?

எனக்கும் ஆசைதான். ஆனால் இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. கொலுசில் உள்ள "கொ" கணினிக்குள் இரண்டு விதமாகப் பதிவாகலாம். "ொ" என்பது ஒரே குறியாக இருக்கலாம், அல்லது "ெ" தனியாகவும் "ா" தனியாகவும் சேர்ந்திருக்கலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, அரைத்தால் மாவு வேறு. தளம் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராவிட்டால், போனில் வைத்த பாஸ்வேர்டு அலுவலகக் கணினியில் திறக்காது.

அடுத்தது நீளம். மெதுவாக அரைக்கும் முறைகளில் மிகப் பரவலான ஒன்று bcrypt. அது 72 பைட்டுக்கு மேல் பார்க்காது. பைட் என்பது கணினி எழுத்தை அளக்கும் படி. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட், தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். "மு" என்பதே ம, ு என்று இரண்டு குறி, ஆறு பைட். நம் ஆறு சொல்லை ஆங்கில எழுத்தில் அடித்தால் 43 பைட்தான். தமிழ் எழுத்தில் சிறுகோடுகளோடு அடித்தால் 104. அளவு "புழுதி"யின் நடுவிலேயே நிறைந்துவிடும். கடைசி வெல்லத்தை அடிக்காமலே விட்டாலும், அதற்குப் பதில் வெங்காயம் என்று அடித்தாலும் கதவு திறக்கும். ஆறு சொல் போட்டோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம், வேலை செய்வது நாலும் சொச்சமும்தான். சில தளங்கள் இப்படி வெட்டாமல் "மிக நீளம்" என்று மறுத்துவிடும். அதுவே நேர்மையான நடத்தை.

## எங்கே வைப்பது, எங்கே வேண்டாம்

ஐம்பது தளங்களுக்கு ஐம்பது ஓணான் கதை யாராலும் நினைவில் வைக்க முடியாது. ஒரே கதையை ஐம்பது இடத்தில் வைத்தால் ஓரிடத்தில் அரிசி மூட்டை திருடுபோனதும் ஐம்பதும் போகும். கடவுத்தொடர் வேண்டியது இரண்டு மூன்று இடங்களுக்குத்தான்: முதன்மை மெயில், கணினியின் நுழைவு, பாஸ்வேர்டு மேனேஜர். கடைசியாகச் சொன்னது, மற்ற பாஸ்வேர்டுகளை எல்லாம் ஒரே பெட்டியில் பூட்டி வைக்கும் செயலி. மற்ற தளங்களுக்கு அதுவே தாறுமாறான எழுத்துகளை உருவாக்கித் தானே நிரப்பிவிடும், நீங்கள் பார்க்கக்கூடத் தேவையில்லை. "பதினாறு எழுத்துக்கு மேல் கூடாது" என்று பிடிவாதம் பிடிக்கும் தளத்திலும் இதுதான் வழி. பதினாறில் நம் சொல் மூன்று நுழைந்தாலே அதிகம், மூன்று சொல்லுக்கு ஐந்து வினாடி என்று பார்த்தோம்.

புதிய தொடரைத் துண்டுச் சீட்டில் எழுதி வீட்டிலேயே பத்திரமாக வையுங்கள். திருடனின் கிராபிக்ஸ் கார்டு உங்கள் பீரோவுக்குள் வராது. முதல் ஒரு வாரம் "பாஸ்வேர்டைச் சேமிக்கவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தினமும் இரண்டு முறை கையால் அடியுங்கள். சித்தப்பாவுக்கு நான்காம் நாளில் சீட்டு தேவைப்படவில்லை. அவருடைய ஆறு சொல் என்னவென்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மெயிலைத் திறக்கும்போது மட்டும் தனக்குள் சிரிக்கிறார் என்று சித்தி சொன்னார்.